சான்றில் எழுதாத ஆபரேஷன்

அட்டைப்பெட்டி ஆலையில் ஆட்களின் கணக்குவழக்கெல்லாம் அவள் பொறுப்பு. இதய ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த மெஷின் ஆபரேட்டர், வீட்டுக் கடனுக்கு வேலைச் சான்று கேட்டு வந்தார்.

"ஆபரேஷன் விஷயத்தையும் எழுதிடும்மா. மறைச்சேன்னு பேர் வரக் கூடாது."

"இது உங்க வேலையைப் பத்தின கடிதம் அண்ணே, உடம்பைப் பத்தினது இல்ல. பேங்க் கேட்டா நீங்களே உள்ளதைச் சொல்லுங்க."

சேர்ந்த தேதி, பதவி, நிரந்தர வேலை, மாதச் சம்பளம் என்று அடித்தாள். ஓவர்டைம் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதைத் தனி வரியாகச் சேர்த்தாள்.

படித்துப் பார்த்த முதலாளிக்கு மனசு இளகிவிட்டது. "இன்னும் பத்து வருஷம் இங்கதான் இருப்பார்னு ஒரு வரி போடேன்."

"அதுக்கு நாம எப்படி சார் உறுதி கொடுக்க முடியும்?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வங்கியிலிருந்து ஒரு அம்மா போனில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, "நீண்ட லீவுல இருந்தாரா?" என்றார்.

"இப்போ வேலையில இருக்கார் மேடம். மத்ததை அவர்கிட்டயே கேட்டுக்குங்க."

கேட்டார்கள். அவரும் ஒளிக்காமல் சொல்லி, டாக்டர் சான்றையும் கொடுத்தார். ஓவர்டைம் பணத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுத்தார்கள். கடன் கொஞ்சம் குறைந்தே கிடைத்தது.

"வீட்டு பிளான்ல ஒரு ரூம் போச்சும்மா," என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. "மாமியாருக்குன்னு வச்சிருந்த ரூம். அவங்ககிட்ட நீயே ஒரு கடிதம் எழுதிச் சொல்லிடேன்."