பூட்டிய வரி

"ஒரு பொருளுக்கு ஒரு பெயர் வைத்த நாளில்தான் மனித நாகரிகம் பிறந்தது" என்று கூட்டத்தைத் தொடங்கிவைத்தார் நிறுவனத் தலைவர். அவருடைய செயலியில் ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் இருந்தன.

வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பழுதுபார்க்க வீட்டுக்கு ஆள் அனுப்பும் செயலி அது. மெனுவில் 'பதிவுகள்', அடுத்த திரையில் 'சந்திப்புகள்', உதவிப் பக்கத்தில் 'வருகைகள்'. 'ரெடி கேர்' என்ற சந்தாவை மொழிபெயர்ப்பு இயந்திரம் 'தயார் அக்கறை' ஆக்கியிருந்தது. எதை எங்கே ரத்து செய்வதென்று வாடிக்கையாளர்களுக்குப் புரியவில்லை. மெக்கானிக்குகள் பூட்டிய வீடுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 'துறக்கச் சொல்கிறீர்களே, எதை?' என்று ரத்துப் பொத்தானைப் பற்றிக் கேட்டது முதல் புகார்.

"மெஷினுக்குப் புத்தி கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வேற ஏஜென்சிக்குக் குடுத்துடுவோம்" என்றார் தலைவர், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து. அவளுடைய ஒப்பந்தமும் அந்த வெள்ளியோடு முடிகிறது.

அவள் மூல ஆங்கிலத்தைத் திறந்து பார்த்தாள். அங்கேயே ஒவ்வொரு டீமும் தன் இஷ்டத்துக்கு ஒரு சொல்லை எழுதியிருந்தது. இயந்திரம் பாவம், கொடுத்ததைத்தான் பெயர்த்திருக்கிறது. சொற்பட்டியல் ஒன்று தயாரித்தாள். மூன்று ஆங்கிலச் சொற்களுக்கு எதிரேயும் 'பதிவு' என்று போட்டாள். 'கேன்சல்' எதிரே 'ரத்து செய்', 'ரெடி கேர்' எதிரே 'மொழிபெயர்க்க வேண்டாம்'. பட்டியலை இணைத்து மறுபடி ஓட்டியதும் திரைகளெல்லாம் ஒழுங்குக்கு வந்தன, ஒன்றைத் தவிர. ரத்து செய்யும் பொத்தான் அசையவில்லை: 'சந்திப்பைத் துறக்க இங்கே தொடுக.'

"அக்கா, அந்த வரிக்கு ஒப்புதல் குடுத்துப் பூட்டியிருக்காங்க. பூட்டின வரியை மெஷின் தொடாது. உங்க பட்டியல் அங்க செல்லாது" என்றான் டெவலப்பர்.

"யாரு பூட்டினது?"

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் அந்தப் பெயரைப் படித்தாள்.

"நீயே போய்ச் சொல்லிடேன்."

"எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலைக்கா."

அவளே போனாள். "சார், ஒரு பழைய வரிக்குப் பூட்டை எடுக்கணும். பூட்டினவங்கதான் எடுக்க முடியும்."

"எந்த மேதாவி பூட்டினது?"

"உங்க ஐடி காட்டுது, சார்."

தலைவர் திரையை நெடுநேரம் படித்தார். "தமிழ் நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு, சார். வாஷிங் மெஷினுக்கு எதுக்கு சந்நியாசம்னுதான் பார்க்கறேன்."

அவர் ஒரு கணம் முறைத்தார், பிறகு பூட்டை எடுத்தார். பட்டியல் மறுபடி ஓடியது. எல்லாத் திரையிலும் ஒரே பேச்சு: 'பதிவை ரத்து செய்'. வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இந்தப் பட்டியலைத் தாம் வெகுநாளாகவே சிந்தித்துவந்ததாகத் தலைவர் கூட்டத்தில் அறிவித்தார்.

கூட்டம் முடிந்ததும் அவள் முதல் புகாரைத் திறந்து, 'சரிசெய்யப்பட்டது' என்று பதில் அனுப்பினாள். அதை எழுதியிருந்தவர் தலைவரின் மனைவி.