முப்பத்தோராம் திகதி எண்ணாத கோழி

கெட்டுப்போன கோழியைக் கணக்கில் உயிரோடு வைத்திருந்தது சுலோஜனாதான். முழுப் பழியையும் வேறு யாரிலும் போட அவளுக்கு மனம் வரவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் கம்பனி அது. சுலோஜனா அங்கே கணக்காளர். குளிரறைக்குப் பொறுப்பு கிண்ணியாக்காரர் ஆதம்பாவா; அண்ணன் முறைக்கு அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள். ஓய்வுக்கு அவருக்கு இன்னும் ஏழு மாதம். அப்போது வரும் பணத்தில்தான் மகள் ஸஹ்ராவுக்கு ஒரு வீடு என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

மார்ச் இருபத்தாறாம் திகதி மின்சாரம் போய், ஜெனரேற்றரும் மக்கர் பண்ணியது. அறுநூற்று நாற்பது கிலோ கோழி நாறிப்போனது. சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து, கடிதம் எழுதிக் கொடுத்து, குழி வெட்டிப் புதைக்க வைத்தார். அன்றைக்கே சுலோஜனா இருப்பிலிருந்து அதைக் கழிக்கும் பதிவைக் கம்பனியின் கணக்கு சிஸ்டமான ஈ.ஆர்.பியில் போட்டாள். கொழும்பிலிருக்கும் மனேஜர் இராகுலன் அனுமதித்தால்தான் அது ஏறும். மனுசன் அனுமதிக்கவில்லை.

முப்பத்தோராம் திகதி ஆண்டு முடிவு. முறை என்னவென்று அவளுக்குத் தலைகீழாய்த் தெரியும். தொங்கி நிற்கும் பதிவுகளை முடிக்கவேண்டும், களஞ்சியத்தைக் கையால் எண்ணி எண்ணிக்கைத் தாளை ஏற்றவேண்டும், எல்லாவற்றுக்கும் நகலாய்ப் பாக்கப் எடுக்கவேண்டும். அதன் பிறகுதான் வரவு செலவுக் கணக்குகள் பூச்சியமாகி, லாபம் ஒதுக்கக் கணக்குக்குப் போய், காசிருப்பும் சாமான்களும் புது ஆண்டுக்கு ஆரம்ப மீதியாய்ப் போகும். ஒன்று பிசகினால் பிழையும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வரும்.

பின்னேரம் இராகுலன் தொலைபேசி எடுத்தான்.

"அந்தக் கோழிப் பதிவை நான் நிராகரிச்சிட்டன். இந்த வருச லாபத்தில அது விழக்கூடாது. ஏப்ரலில போடுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்."

"எண்ணிக்கைத் தாளில என்ன போடுறது? சாமான் இல்லையே சேர்."

"சிஸ்டத்தில இருக்கிறதையே போடுங்கோ. நாளைக்குக் காலமை கப்பலுக்குப் பில் அடிக்கவேணும். புது வருசம் திறக்காட்டி பில் போடேலாது."

ஏலாது என்று அவள் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எல்லாருக்கும் நல்ல பிள்ளையாய் இருந்து பழகிய வாய். திரையில் இருந்த எண்ணை அப்படியே தாளில் எழுதினாள். ஆதம்பாவா அறைக்கு வந்து பேனையை வாங்கினார்.

"என்ன தங்கச்சி, வழமையான தாள்தானே?"

"ஓம் நானா, வழமையானதுதான்."

அவர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். பாக்கப் எடுத்தாள், ஆண்டை மூடினாள், பழைய முடிவு மீதியையும் புதிய ஆரம்ப மீதியையும் ஒப்பிட்டாள். சதம் பிசகாமல் ஒத்துவந்தது. பழைய ஆண்டைப் பூட்டினாள். புதைத்த கோழி அறுநூற்று நாற்பது கிலோவும் ஏப்ரலுக்குள் நுழைந்துவிட்டது.

ஏப்ரல் முதல் வாரம் கழிக்கும் பதிவை மறுபடி போட்டாள். இராகுலன் தொடவேயில்லை. ஒன்பதாம் திகதி கணக்காய்வாளர் நிவேதிகா வந்து குளிரறையை எண்ணினாள். கோழி இல்லை. விலைக்கு ஏழு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் ரூபா. மார்ச் முப்பத்தொன்றில் எல்லாம் இருந்ததாய்ப் பொறுப்பாளரே கையெழுத்து வைத்திருக்கிறார், ஏப்ரலில் காணவில்லை. அப்படியென்றால் எடுத்தது யார்? கொழும்பிலிருந்து கடிதம் வர இரண்டு நாள்கூடப் பிடிக்கவில்லை. குறைவு முழுவதும் ஆதம்பாவாவின் ஓய்வுப் பணத்தில் கழிக்கப்படும் என்றிருந்தது.

சுலோஜனா சுகாதாரப் பரிசோதகரின் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நிவேதிகாவிடம் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனாள்.

"பழைய வருசத்தைத் திறந்து திருத்தேலாதா?"

"தலைமைக் காரியாலயம் அனுமதிக்கவேணும். அந்தக் கணக்கு பாங்குக் கடனுக்குப் போயிட்டுது, திறக்கவிடமாட்டினம்," என்றாள் நிவேதிகா. "இந்தக் கடிதத்தை நான் இணைச்சால், எண்ணிக்கைத் தாள் பொய் எண்டு வரும். ரெண்டு பேரும் தெரிஞ்சு பொய்க் கையெழுத்துப் போட்டதா வரும்."

"மனேஜர்தான் சொன்னவர்."

"பதிவை நிராகரிச்சது சிஸ்டத்தில இருக்கும். தாளில அப்பிடி எழுதச் சொன்னது எழுத்தில இருக்கா?"

இருக்கவில்லை. இராகுலனைத் தொலைபேசியில் எடுத்துக் கேட்டார்கள். அப்படியொரு கதையே தனக்குத் தெரியாது என்றான். கோழி கெட்டது உண்மையென்றால் ஜெனரேற்றரைப் பார்க்காததும் களஞ்சியப் பொறுப்பாளர்தான், ஓய்வுப் பணத்தில் கழிப்பது அப்படியே நிற்கட்டும், கணக்காளரையும் நிறுத்துங்கள் என்று முடித்துக்கொண்டான்.

அவள் வாய் திறந்ததால் கிடைத்தது அவ்வளவுதான். ஆதம்பாவாவுக்கு ஒரு சதம்கூட மிஞ்சவில்லை.

கடைசி வேலையாய் அந்த ஓய்வுப் பணக் கழிவைப் புது ஆண்டில் அவளேதான் பதியவேண்டியிருந்தது. ஆதம்பாவா எதிர்க் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழுதாள்.

"நானா, நீங்க அந்தத் தாளை ஒருக்கா வாசிச்சிருக்கலாம்."

"நான் தாளைப் பாக்கல்ல தங்கச்சி," என்றார் அவர். "பத்தொன்பது வருசமா உங்கட முகத்தப் பாத்துத்தான் கையெழுத்து வெச்சிருக்கன்."

குளிரறைத் திறப்புக் கொத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.