கிலோவுக்கு இருபது பைசா

ஜனக்புரியில் ஜனவரிக் குளிர். கரண்ட் பில்லைப் பார்த்த பத்ரி, அக்கம்பக்கத்துக்கு இட்லி மாவு விற்கும் மனைவி சுபாஷிணியிடம் சீறினார். “எல்லாம் உன் கிரைண்டர்தான். மாவு விலையை ஏத்து!”

பிளக்கில் சின்ன மீட்டர் ஒன்றை மாட்டி அவள் மாவு அரைத்தாள். நாற்பது நிமிஷத்தில் ஓடியது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு.

“யூனிட் ஆறு ரூபாய்னாலும் அறுபது பைசா. மாவு மூணு கிலோ. கிலோவுக்கு இருபது பைசாதான்.”

“மாவு புளிக்கணும்னு ரூம் ஹீட்டர் ஓடறதே?”

“அச்சா! அது அஞ்சு மணி நேரத்துல அஞ்சு யூனிட், முப்பது ரூபாய். ஆனா மாவு கம்பளிக்குள்ள சமர்த்தாப் பொங்கறது. ஹீட்டர் முன்னாடி நாற்காலி போட்டுண்டிருக்கறது யாரு?”

“சரி, விலையை ஏத்தவேண்டாம்” என்ற பத்ரி, ஹீட்டரை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.