அசையாத பிள்ளை வேண்டும்

கைக்குழந்தையைச் சுற்றிவைக்கும் துணிக்கு விளம்பரம். துணி சேதுபதியுடையது, படம் எடுப்பவன் விக்னேஷ்குமார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் அவன் ஸ்டூடியோ. வடமதுரையிலிருந்து பிள்ளையோடு வந்திருந்தாள் தமிழ்மதி.

சேதுபதி ஒரு மூட்டை பொம்மைகளைக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டினார். கல்யாண வீட்டு மேடை தோற்றது. விக்னேஷ்குமார் அத்தனையையும் வழித்தெடுத்தான். தலையணை போனது, போர்வை போனது. பிள்ளையின் கையிலிருந்த வசம்பு வளையலையும் கழற்றச் சொன்னான்.

"மணி அறுந்து வாய்க்குள்ள போனா வம்புக்கா. படத்துல பாக்குறதைத்தான் சனம் வீட்லயும் செய்யும்."

கெட்டியான மெத்தை, இழுத்துக் கட்டிய விரிப்பு. அவ்வளவுதான் மிஞ்சியது. ஜன்னலில் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியதும் உச்சி வெயில் பாலாக இறங்கியது.

"பாப்பா கவுந்து விழுதாக்கா? கவுந்து விழுற பிள்ளைய இதுல சுத்தக் கூடாது" என்றான் விக்னேஷ்குமார்.

"இன்னும் இல்லண்ணே."

"அதான் இந்தப் பிள்ளையக் கேட்டேன்! போட்டா போட்ட இடத்துல கிடக்கும், தங்கம்" என்றார் சேதுபதி.

தமிழ்மதி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். குறைமாதத்தில் பிறந்தவள் இதழினி. ஆறு மாதமாகியும் ஆள் சின்னதுதான். அதே மாதம் தெருவில் பிறந்த பிள்ளைகளெல்லாம் புரண்டு கவிழ்ந்துகொண்டிருக்க, இவள் மட்டும் மல்லாக்கவே கிடந்தாள். பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். பெற்றவளுக்குப் பொறுக்குமா? பார்க்கிறவனெல்லாம் சமத்துப் பிள்ளை என்று மெச்சும்போது அவள் செத்துப் பிழைத்தாள்.

வெளிச்சம் பார்க்க, சுற்றாமல் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். கையெட்டும் தூரத்தில் தமிழ்மதி நின்றாள்.

இதழினி ஜன்னலைப் பார்த்தாள். அந்த வெள்ளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கால் மேலே எழும்பியது. இடுப்பு திரும்பியது. உடம்பு பாதியில் நின்று ஆடியது. தொடப்போன தமிழ்மதியின் கை அப்படியே நின்றது. மூச்சு விடவும் பயமாக இருந்தது. பிள்ளை முக்கியது, முகமெல்லாம் சிவந்தது. பிறகு புரண்டு, மாட்டிக்கொண்ட கையைத் தானே இழுத்து, தலையைத் தூக்கி மூவரையும் பார்த்தது.

விக்னேஷ்குமார் கேமராவைக் கழுத்தில் மாட்டியபடியே கை கூப்பிவிட்டான். ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஒரு சின்ன உடம்பு தன்னைத் தானே திருப்பிக்கொள்வதில் இம்புட்டு இருக்கிறதா என்று தமிழ்மதி மலைத்து நின்றாள்.

சேதுபதிதான் முதலில் தெளிந்தார். "சரி, மல்லாக்கப் போட்டு வெரசா சுத்துப்பா."

"இனி கூடாதுண்ணே. சுத்துன கையோட கவுந்தா முகத்தைத் தூக்க ஏலாது, மூச்சு முட்டும். வேற பிள்ளையப் பாருங்க. இந்தப் பிள்ளை நம்ம விளம்பரத்துக்கு ஆகாது."

சொன்னவன் தமிழ்மதியைச் சங்கடத்தோடு பார்த்தான். அவள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி, கண்ணீரைத் துடைக்காமல் சிரித்துக்கொண்டே போனில் புருஷனை அழைத்து விக்னேஷ்குமாரிடம் நீட்டினாள்.

"இப்பச் சொன்னீங்கள்ல, ஆகாதுன்னு. அதை எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லுங்கண்ணே."