ஆறு மாத வட்டி

இருளாயி ஆறாம் வகுப்புவரை படித்தவள். எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் யாருக்கு என்ன கணக்கு என்றாலும் அவளிடம்தான் வருவார்கள். அந்தத் திமிரும் அவளுக்கு உண்டு.

எஸ்டேட்டை முதலாளி விற்றபோது புருஷன் ஐயாவு வாங்கிய நஷ்டஈட்டுப் பணம் ஈப்போ டவுனில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கிடந்தது. ஐயாவு லாரியோட்டி, ஊரில் தங்குவதில்லை. அதனால் அவள் தம்பி சன்னாசி பெயரையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ரசீதைப் படித்தவள் இருளாயிதான். பணம் நாலாயிரம் வெள்ளி, வட்டி ஒன்பது சதவீதம். நூற்றுக்கு ஒன்பது என்றால் நாற்பது நூறுக்கு முந்நூற்று அறுபது. தவணை ஆறு மாதம் என்பதை, பணம் எடுக்கும் தேதிக்காக மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

அவள் சொன்னதை நம்பி, புது வீட்டுக்கு நாலாயிரத்து முந்நூறு முன்பணம் தருகிறேன் என்று ஐயாவு வாக்குக் கொடுத்துவிட்டான். இன்று சாயங்காலம்தான் கெடு. தவறினால் வீடு வேறொருவனுக்கு. லயத்தையும் இடிக்கப்போகிறார்கள்.

சன்னாசி கொண்டுவந்ததோ நாலாயிரத்து நூற்றெண்பது.

"மீதி எங்கடா?" என்றான், கெடுவுக்காக ஊருக்கு வந்திருந்த ஐயாவு.

"அவ்வளவுதான் மச்சான் குடுத்தாங்க."

"யார்கிட்டடா வேலைய காட்டுற?" என்று சீறினாள் இருளாயி. "எங்கணக்கு தப்பாதுலா! நூத்தியெண்பது வெள்ளிய என்ன பண்ணுன?"

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது ஐயாவுக்கு. அடுப்படியில் கிடந்த ரப்பர் விறகை உருவினான். முதல் அடி தோளில். இரண்டாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினான் சன்னாசி; எலும்பு முறிந்த சத்தம் இருளாயிக்கே கேட்டது.

"அக்கா, சட்டைப்பையில கம்பெனி சீட்டு இருக்கு. படிச்சுப் பாருக்கா!"

ரத்தம் பட்ட அந்தச் சீட்டை உருவிப் பிரித்தாள். அசல் நாலாயிரம். வட்டி ஒன்பது சதவீதம், வருஷத்துக்கு. தவணை ஆறு மாதம். வட்டித் தொகை நூற்றெண்பது.

வருஷத்துக்கு! ஐயோ, அரை வருஷத்துக்குப் பாதிதானே வரும். முந்நூற்று அறுபதில் பாதி. ரசீதிலும் இதே எழுத்துதானே இருந்தது, பாவி! ஓடிப்போய் புருஷன் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"நிறுத்துங்க! அவன் ஒரு காசும் எடுக்கல. வருஷம் பூரா கெடந்தாத்தான் முந்நூத்தி அறுபது. நாந்தான் தப்பா பார்த்துட்டேன்!"

ஐயாவு அவளை வெறித்துப் பார்த்தான்.

"அப்ப வீடு போச்சா?"

கட்டையை இப்போது அவள் பக்கம் ஓங்கினான். அவள் நகரவில்லை. நகர்ந்தவன் சன்னாசி. ஒடிந்த கை தொங்க, அக்காவுக்கு முன்னால் வந்து நின்றான். அடி அவன் தலையில் இறங்கியது.

பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து வேன் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இருளாயியின் மடியில் கிடந்த சன்னாசி கண்ணைத் திறந்தான்.

"பணம் சரியா இருக்குல்லக்கா?"

"சரிதான்டா, என் சாமி. எல்லாம் சரியா இருக்குடா!" என்று கதறினாள்.

அது அவன் காதில் விழவில்லை.