அண்ணி போனைக் கொடுக்கவில்லை

எல்லாரும் நலமா? முட்டி வலி, தூக்கம், மாத்திரை எல்லாம் எப்படிப் போகிறது? எனக்கு ஒரு குறையுமில்லை, சிரித்துச் சிரித்து விலா வலிப்பதைத் தவிர. விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வயதானவர்களுக்கு ஒரு கூட்டம். செல்போனில் பணத்தைப் பத்திரமாகக் கையாள்வது எப்படி என்று பத்து நிமிஷம் பேச வேண்டும். வங்கி மேலாளர் அம்மா என்னைத்தான் பேசச் சொன்னார். அவர் சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டுத் தூங்கிவிடுகிறார்களாம். நான் பேசினால் சண்டைக்காவது விழித்திருப்பார்களாம்.

நாற்பது பேர் மூன்றாம் வகுப்புப் பெஞ்சுகளில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில், என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் என் அண்ணி. அவருக்குக் காது மந்தம். பழைய காது மெஷின் விசிலடிக்கிறது என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். புதிது வாங்க இரண்டு வருஷமாகத் தையல் கூலியைச் சேர்த்து வங்கியில் போட்டிருந்தார். அடுத்த வாரம் வாங்கப் போவதாக இருந்தது.

பணம் அனுப்பப் போடும் ரகசிய எண்ணை, அதாவது பின் நம்பரை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் கத்திச் சொன்னதும், ரிட்டையரான தபால்காரர் எழுந்து, தன்னுடையதைக் காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். பக்கத்திலிருந்தவர் தன்னுடையது அரிசி டின் மூடியில் இருக்கிறது என்றார். இப்படி ஐந்து பேர் ஒளித்த இடத்தை ஊருக்கே சொன்ன பிறகுதான் மேலாளர் அம்மாவால் நிறுத்த முடிந்தது. எல்லாரும் இன்றைக்கே நம்பரை மாற்ற வேண்டும் என்றார்.

"போனையும் யார் கையிலயும் கொடுக்காதீங்க. நான் கேட்டாலும் கொடுக்காதீங்க" என்றேன். அண்ணி பலமாகத் தலையாட்டினார்.

அப்போதுதான் அவர் போன் அடித்தது. காது கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். யாரோ ஒருவன் அழாத குறையாக, மருத்துவமனைக்குக் கட்ட வேண்டிய பணத்தைத் தவறுதலாக அவர் கணக்குக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னான். பணம் வந்ததாக மெசேஜ் வந்திருக்கும் பாருங்கள் என்றான். வந்திருந்தது.

"இப்ப ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கேன்மா. அதைத் தொட்டு பின் போட்டா போதும், என் பணம் எனக்கு வந்துரும்."

அண்ணி அடுத்தவர் வீட்டு ஊசியைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். "பதறாதேப்பா, இதோ போடறேன்" என்று மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டினார்.

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அந்தச் சந்தை இரைச்சலில் அவருக்கு என்ன புரியும்? நான் பாய்ந்து போனைக் கேட்டேன். சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டார். "நீ கேட்டாலும் கொடுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?" பெஞ்சைச் சுற்றி நான் துரத்த, அவர் ஓட, அறுபத்தெட்டும் எழுபத்திரண்டும் ஓடிப் பிடித்து விளையாடியதைப் பார்த்துத் தபால்காரருக்குப் புரையேறியது. ஓடிக்கொண்டே அண்ணி பின் நம்பரின் முதல் இரண்டு எண்களைப் போட்டுவிட்டார்.

கடைசியில் புத்தி வந்து சாக்பீஸை எடுத்தேன். கரும்பலகை முழுக்கப் பெரிதாக எழுதினேன்: பின் போட்டால் உங்கள் பணம் போகும். அவன் பணம் வந்ததா?

அண்ணி நின்றார். எழுத்துக் கூட்டிப் படித்தார். விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது.

"தம்பி, நீ உன் பேங்க்ல சொல்லு. நான் என் பேங்க்ல சொல்றேன். அவங்க பேசி முடிச்சுக்கட்டும்" என்றார் போனில்.

அவன் அவசரப்படுத்தினான், கெஞ்சினான், பிறகு கெட்ட வார்த்தை சொன்னான். நாற்பது கிழடுகளும் சேர்ந்து பதில் கொடுத்தோம். அதை இங்கே எழுத முடியாது. தொடர்பைத் துண்டித்துவிட்டான்.

அந்த மெசேஜ் வங்கியிலிருந்து வந்ததே இல்லை, ஏதோ ஒரு செல்போன் எண்ணிலிருந்து வந்தது என்று மேலாளர் அம்மா காட்டினார். பணம் கேட்டு அவன் அனுப்பிய ரிக்வெஸ்டை மறுக்கும் வழியையும், அந்த எண்ணின் மேல் புகார் செய்யும் வழியையும் அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்தார். கணக்கில் இருப்பைப் பார்க்கவும் பின் போட வேண்டும் என்றதும், யாரும் சொல்லாமலே நாற்பது பேரும் சுவர் பக்கம் திரும்பி நின்றோம், கடுமையான தண்டனை வாங்கிய மூன்றாம் வகுப்பு மாதிரி. ஒரு காசு வரவில்லை, ஒரு காசு போகவுமில்லை.

நேற்று புது மெஷின் வந்துவிட்டது. அடுப்படியில் நான் முணுமுணுப்பதெல்லாம் அண்ணிக்குக் கேட்கிறது. அதுதான் இப்போது எனக்குப் புதுத் தலைவலி.

உங்களுக்கும் இப்படிப் போன் வந்திருக்குமே? என்ன சொன்னான், நீங்கள் என்ன சொன்னீர்கள், எல்லாம் எழுதி அனுப்புங்கள். பின் நம்பரை ஒளித்த இடத்தை மட்டும் எழுதாதீர்கள்.